ஒரு மொத்த மதிப்பெண் மறைப்பது என்ன?

மாணவர் ஒருவருக்குப் பல தேர்வுகள் நடத்தி, மதிப்பெண்களைக் கூட்டி ஒரே எண்ணாக்கித் தரவரிசை இடுவது வழக்கம். அந்த ஒரே எண் மாணவர்களுக்கிடையேயான வேறுபாட்டை எந்த அளவிற்குத் தாங்கி நிற்கிறது என்பதை அளந்தறியும் முறையே முதன்மைக் கூறு பகுப்பாய்வு ஆகும். கார்ல் பியர்சன் 1901இல் இதற்கு அடித்தளமிட்டார். ஹரால்டு ஹோட்டலிங் 1933இல் இதனை விரித்துரைத்தார்.

நான்கு தேர்வுகள்

ஹோட்டலிங் எடுத்துக்கொண்ட தரவு, ஏழாம் வகுப்பு மாணவர் 140 பேர் எழுதிய நான்கு தேர்வுகளின் மதிப்பெண்கள் ஆகும். வாசிப்பு வேகம், வாசிப்புத் திறன், கணக்கு வேகம், கணக்குத் திறன் என்பன அத்தேர்வுகள். வாசிப்புத் தேர்வுகள் இரண்டிற்கும் இடையே ஒட்டுறவுக் கெழு 0.698, கணக்குத் தேர்வுகள் இரண்டிற்கும் இடையே 0.594. வாசிப்புத் திறனுக்கும் கணக்கு வேகத்திற்கும் இடையிலோ அது -0.061 மட்டுமே. ஆகவே தேர்வுகள் நான்காயினும், அவை தரும் செய்திகள் நான்கு அல்ல. ஒன்று சொல்வதன் கணிசமான பகுதியை அதன் இணையும் சொல்லிவிடுகிறது.

கூறுகளைக் காணுதல்

முதலில் ஒவ்வொரு மதிப்பெண்ணிலிருந்தும் அத்தேர்வின் சராசரியைக் கழித்துத் திட்ட விலக்கத்தால் வகுக்க வேண்டும். இதனைச் செய்யாவிடின், நூற்றுக்கு நடந்த தேர்வு பத்துக்கு நடந்த தேர்வை விழுங்கிவிடும். இவ்வாறு மாற்றியபின் ஒவ்வொரு தேர்வின் விலக்க வர்க்கச் சராசரியும் 1 ஆகும். நான்கின் கூடுதல் 4.

அடுத்து, தேர்வுகளுக்குத் தக்க எடைகள் கொடுத்துக் கூட்டி, மாணவர்களை மிக அதிகமாகப் பிரித்துக் காட்டும் புதிய அளவை ஒன்று உருவாக்கப்படுகிறது. இதுவே முதற்கூறு. அதனோடு ஒட்டுறவு இல்லாதவாறு, எஞ்சிய வேறுபாட்டை மிகுதியாகக் காட்டுவது இரண்டாம் கூறு. இவ்வாறே நான்கு கூறுகள் கிடைக்கும். ஒவ்வொரு கூறும் ஏற்கும் பங்கு அதன் ஐகென் மதிப்பு எனப்படும். ஹோட்டலிங் பெற்ற மதிப்புகள் 1.846, 1.465, 0.521, 0.167. முதற்கூற்றின் பங்கு 1.846/4, அதாவது ஏறத்தாழ 46 விழுக்காடு.

ஸ்க்ரீ வரைபடம்

எத்தனை கூறுகளை வைத்துக்கொள்வது? ரேமண்ட் கேட்டல் 1966இல் இதற்கொரு வரைபடத்தை முன்மொழிந்தார். கிடை அச்சில் கூற்றின் வரிசை எண்ணும் செங்குத்து அச்சில் ஐகென் மதிப்பும் குறித்துப் புள்ளிகளை இணைக்க வேண்டும். ஸ்க்ரீ என்பது மலையடிவாரத்தில் சரிந்து குவிந்த கற்களைக் குறிக்கும் சொல். செங்குத்தாக இறங்கும் பகுதி மலை. அதன்பின் மெல்லச் சரியும் பகுதி கற்குவியல். கோடு வளையும் இடத்திற்கு முன்னுள்ள கூறுகளையே கொள்ள வேண்டும்.

இங்கு முதற்புள்ளியிலிருந்து இரண்டாம் புள்ளிக்கு இறக்கம் 0.381; இரண்டிலிருந்து மூன்றிற்கு 0.944, மூன்றிலிருந்து நான்கிற்கு 0.354. மூன்றாம் புள்ளியில் கோடு வளைகிறது. எனவே இரண்டு கூறுகள் போதும். அவை சேர்ந்து ஏறத்தாழ 83 விழுக்காட்டை ஏற்கின்றன. ஐகென் மதிப்பு 1ஐ விட மிகுந்தவற்றைக் கொள்ளும் விதியும் இதே விடையைத் தருகிறது. வளைவு தெளிவாக இல்லாத தரவுகளில் ஒரே படத்தை இருவர் இருவிதமாகப் படிக்கக்கூடும் என்பது இம்முறையின் குறை.

கூறுகள் உணர்த்துவது

நான்கு தேர்வுகளும் மேற்கூறிய வரிசையில் முதற்கூற்றோடு கொண்ட ஒட்டுறவுகள் 0.818, 0.695, 0.608, 0.578. அனைத்தும் நேர்க்குறி உடையன. ஆதலால் இக்கூறு மொத்த மதிப்பெண்ணை ஒத்தது. இரண்டாம் கூற்றோடு அவை -0.438, -0.620, 0.674, 0.660. இக்கூறு வாசிப்பைக் கணக்கிற்கு எதிராக நிறுத்துகிறது. குறிகள் அனைத்தையும் தலைகீழாக மாற்றினாலும் பொருள் மாறாது. எதிர்க்குறி தாழ்வைக் குறிப்பதன்று.

வாசிப்பு இரண்டிலும் +1, கணக்கு இரண்டிலும் -1 பெற்ற மாணவர் ஒருவரையும், இதற்கு நேர்மாறாகப் பெற்ற மற்றொருவரையும் கருதுக. இருவருக்கும் மொத்தம் சுழியே. மேற்கண்ட எண்களையே எடைகளாகக் கொண்டு கணக்கிட்டால், முதற்கூற்றில் அவர்கள் 0.327, -0.327 என நெருங்கி நிற்பர். இரண்டாம் கூற்றில் -2.392, 2.392 என இரு முனைகளில் நிற்பர். ஒருவருக்குக் கணக்கிலும் மற்றவருக்கு வாசிப்பிலும் துணை தேவை என்பதை மொத்த மதிப்பெண் மறைத்தது. இரண்டாம் கூறு வெளிப்படுத்தியது.

எனினும், கூறு என்பது எடையிட்ட கூடுதலே. முதற்கூற்றிற்கு 'அறிவுத்திறன்' எனப் பெயரிட்டுவிட்டால், கணக்கீடு சொல்லாத ஒன்றைச் சொன்னதாகிவிடும். வேறு தேர்வுகளைச் சேர்த்தால் கூறுகளும் மாறும்.