நாலு மணி நேரம் எப்போது முடிகிறது?

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனம் தன் சர்வரைப் பராமரிக்க மாதம் 40,000 ரூபாய் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளி மாலை 5.30க்கு சர்வர் படுத்துவிடுகிறது. எஸ்.எல்.ஏ. எனப்படும் சேவைத்தர ஒப்பந்தத்தைப் பிரித்தால், "புகாருக்கு 4 மணி நேரத்தில் பதிலளிக்கப்படும். விடுமுறை, மின்தடை போன்றவை சேரா. தாமதத்துக்குத் தகுந்த கழிவு உண்டு" என்று இருக்கிறது.

முதலாளிக்குக் கெடு இரவு 9.30. பராமரிப்பவர்களோ வேலை நேரத்தை மட்டும் எண்ணுகிறார்கள். ஆறு மணிக்கு அலுவலகம் மூடுவதால் வெள்ளியன்று அரை மணிதான் கணக்கு. சனி, ஞாயிறு விடுமுறை. மிச்சம் மூன்றரை மணி திங்கள் காலை 9 மணிக்குத் தொடங்கிப் பகல் 12.30க்கு முடிகிறது. போதாததற்கு, "புகார் கிடைத்தது" என்று 5.32க்கே தானாகப் போன மின்னஞ்சலும் பதில்தானே என்பார்கள். மூன்று கணக்குக்கும் அந்த ஒரு வரி இடம் கொடுக்கிறது.

திருத்தி எழுதும்போது முதலில் கடிகாரத்தைக் கட்ட வேண்டும். "தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ புகார் வந்த நிமிடத்திலிருந்து, விடுமுறை உட்பட எல்லா நாளும் 24 மணி நேரமும் எண்ணப்படும் 4 மணி நேரத்துக்குள் பொறியாளர் ஒருவர் பழுதைப் பார்க்கத் தொடங்க வேண்டும். தானியங்கிச் செய்தி பதிலாகாது." தொடங்குவது வேறு, சரிசெய்து முடிப்பது வேறு. முடிப்பதற்கும் தனியாக ஒரு கெடு எழுதாவிட்டால், பொறியாளர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாலே ஒப்பந்தம் நிறைவேறிவிடும்.

விலக்குகளில் விஷமம் செய்வது "போன்றவை" என்ற சொல். அதற்குள் எதையும் நுழைக்கலாம். அதை அடித்துவிட்டு, "வாடிக்கையாளர் கட்டடத்தில் மின்சாரம் இல்லாத நிமிடங்கள் மட்டும் கழிக்கப்படும், அதைப் பராமரிப்பவரே பதிவுகளைக் காட்டி நிரூபிக்க வேண்டும்" என்று பட்டியலை மூடிவிடலாம்.

"தகுந்த கழிவு" எவ்வளவு? "தாமதமான ஒவ்வொரு மணிக்கும், மணியின் பகுதிக்கும், மாதக் கட்டணத்தில் 2 சதவீதம், உச்சம் 20 சதவீதம், கேட்காமலேயே அடுத்த பில்லில் கழியும்." இந்தத் தொகைக்கு மேல் நஷ்டஈடு கேட்க உரிமை உண்டா, இல்லையா என்பதையும் எழுதிவிட வேண்டும். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 74-ஆம் பிரிவுப்படி, மீறலுக்கென ஒப்பந்தத்தில் குறித்த தொகையே நீதிமன்றம் தரக்கூடிய நியாயமான இழப்பீட்டின் உச்சவரம்பு. ஆகவே எண்ணைக் கூச்சப்பட்டுக் குறைத்துப் போடுவது பின்னால் கையைக் கடிக்கும்.

கையெழுத்துக்கு முன் ஒரு கற்பனைச் சம்பவத்தை இரு தரப்பும் தனித்தனியே கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. பொறியாளர் இரவு 11.40க்கு வேலையைத் தொடங்குகிறார். 10 முதல் 10.40 வரை மின்தடை. தாமதம் 130 நிமிடம், அதில் 40 போக 90. மணியின் பகுதியும் சேர்வதால் இரண்டு மணி, 4 சதவீதம், 1,600 ரூபாய். ஒருவர் தாளில் 800 என்று வந்தால், "மணியின் பகுதிக்கும்" என்பதை அவர் விட்டுவிட்டார். அந்த வரியை இன்னொரு முறை உடைத்து எழுத வேண்டும்.