நிராகரிப்புப் பகுதி ஏன் ஓர் அசமன்பாடு?

மேல்நிலை வகுப்பில் கருதுகோள் சோதனை நடத்தும்போது மாணவர்கள் |z| > 1.96 என்று மனப்பாடமாக எழுதிவிடுவார்கள். அந்த இடத்தில் ஏன் ஒரு சமன்பாடு வருவதில்லை என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும்.

ஒரு சீரான நாணயத்தை 10,000 முறை சுண்டுவோம். மிகவும் எதிர்பார்க்கத்தக்க முடிவு சரியாக 5,000 தலைகள். ஆனால் அதன் நிகழ்தகவு 1 சதவீதத்துக்கும் குறைவு. "கிடைத்த மதிப்பின் நிகழ்தகவு 5 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் நிராகரி" என்று விதி வைத்தால், 5,000 தலைகள் விழுந்த நாணயத்தையும் நிராகரிக்க வேண்டிவரும்! எனவே தனி மதிப்பின் நிகழ்தகவு எதையும் சொல்லாது. இன்மை கருதுகோளிலிருந்து இவ்வளவு தூரமோ அதற்கும் அப்பாலோ விலகும் எல்லா மதிப்புகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் விலகலை அளக்க முடியும். அந்த 'அதற்கும் அப்பால்' என்பதே அசமன்பாடு.

எந்தப் பக்கத்தில் அப்பால்? அதை மாற்றுக் கருதுகோள் முடிவு செய்கிறது. வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலை ஒன்று 40-ஆம் நம்பர் நூல் நூற்பதாகக் கொள்வோம். நம்பர் குறைந்தால் நூல் தடிக்கும், பஞ்சு கூடுதலாகச் செலவாகும். நம்பர் கூடினால் நூல் மெலியும், அறுந்துபோகும். ஆலைக்கு இரண்டுமே கேடு. எனவே H₁: μ ≠ 40. 5 சதவீத மிகைகாண் நிலையை இரு முனைகளுக்கும் 2.5 வீதம் பிரித்தால் |z| > 1.96 கிடைக்கும்.

அதே நூலைச் சின்னாளபட்டி நெசவாளர் எடைக்கணக்கில் வாங்குகிறார். நூல் தடித்தால் ஒரு கிலோவுக்குக் கிடைக்கும் நீளம் குறையும். அவருடைய கேள்வி, நம்பர் 40-க்குக் கீழே போகிறதா என்பது மட்டுமே. எனவே H₁: μ < 40. முழு 5 சதவீதமும் இடது முனையிலேயே அமைவதால் பகுதி z < −1.645 ஆகிறது.

இப்போது ஒரு கணக்கு. திட்டவிலக்கம் 1 என்றும், 25 மாதிரிகளின் சராசரி 39.65 என்றும் கொள்வோம். திட்டப்பிழை 1/√25 = 0.2.

z = (39.65 − 40) / 0.2 = −1.75

ஆலையின் சோதனையில் 1.75 என்பது 1.96-ஐத் தாண்டவில்லை, H₀-ஐ நிராகரிக்க முடியாது. நெசவாளரின் சோதனையில் −1.75 என்பது −1.645-க்கும் கீழே இருக்கிறது, H₀ நிராகரிக்கப்படுகிறது. தரவு ஒன்று, கேள்வி இரண்டு, அதனால் தீர்ப்பும் இரண்டு.

இங்கேதான் ஓர் ஆபத்து இருக்கிறது. சராசரி குறைவாக வந்ததைப் பார்த்த பிறகு இடமுனைச் சோதனையைத் தேர்ந்தெடுப்பவர், கூடுதலாக வந்திருந்தால் வலமுனையைத் தேர்ந்தெடுத்திருப்பார். அவர் உண்மையில் பயன்படுத்துவது |z| > 1.645 என்ற பகுதி. ஆகவே H₀ உண்மையாக இருக்கும்போதும் அதை நிராகரிக்கும் வாய்ப்பு 5 சதவீதம் அல்ல, 10 சதவீதம். H₁-ஐ மாதிரி எடுப்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே.

புரிதலைச் சோதிக்க ஒரே ஒரு வினா போதும். இருமுனைச் சோதனையில் z = −2.3 என்று கொடுங்கள். "−2.3 < 1.96, எனவே H₀ ஏற்கப்படுகிறது" என்று எழுதும் மாணவர், மட்டுக்குறி இரண்டு அசமன்பாடுகளை உள்ளடக்கியது என்பதை அறியவில்லை. அவருக்கு z < −1.96 அல்லது z > 1.96 என்று பிரித்து எழுதி, எண்கோட்டில் இரு முனைகளையும் நிழலிட்டுக் காட்டுங்கள். −2.3 எந்த நிழலில் விழுகிறது என்பதை அவரே சொல்லிவிடுவார்.