மெயினை அணைத்த பிறகும் எரிந்த டெஸ்டர்

கதை சின்னதுதான். ஒரு பழைய வீட்டில் சமையலறைச் சுவிட்ச் போர்டை மாற்றும் வேலை. எலெக்ட்ரீஷியன் மெயினை அணைத்துவிட்டு, பழைய பெட்டியைக் கழற்றினார். உள்ளே அடையாளம் ஏதுமில்லாத ஒரு கறுப்பு ஒயர் தனியாகக் கிடந்தது. கறுப்பென்றால் நியூட்ரல் என்பது நம் ஊர் வழக்கம். அதைப் பிடித்து முனையைச் சீவப் போனார்.

"அண்ணே, இருங்க. டெஸ்டர் வச்சுப் பாத்துக்கறேன்" என்றான், வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆன பையன்.

டெஸ்டர் எரிந்தது.

"மெயினு ஆஃப்ல இருக்குடா. பக்கத்து ஒயர்லருந்து வர்ற தூண்டலா இருக்கும்."

அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஒரே பைப்பில் ஓடும் வேறொரு ஒயரில் கரண்ட் இருந்தால், செத்த ஒயரிலும் நியான் டெஸ்டர் மங்கலாக எரியும். ஆனால் அந்தத் தூண்டலால் ஒரு குண்டு பல்பை எரியவைக்க முடியாது. பையன் ஹோல்டரில் மாட்டிய பல்பை எடுத்து, ஒரு முனையைக் கறுப்பு ஒயரிலும் மற்றதை நியூட்ரலிலும் வைத்தான். பல்பு பளிச்சென்று எரிந்தது. இருவரும் வேலையை நிறுத்தினார்கள்.

கரண்ட் வந்தது ஹாலில் இருந்த இன்வெர்ட்டரிலிருந்து. மெயினை அணைத்ததும் அது 'மின்வெட்டு' என்று எடுத்துக்கொண்டு, 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 230 வோல்ட்டை உண்டாக்கி அனுப்பத் தொடங்கிவிட்டது. இன்வெர்ட்டர் வைக்க வந்த யாரோ, கையில் மிச்சமிருந்த கறுப்பு ஒயரையே ஃபேஸுக்கு இழுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இப்படிப்பட்ட வீடுகள் அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். மெயினை ஒட்டியிருக்கும் ஆர்.சி.சி.பி.யையும் இங்கே நம்ப முடியாது. இன்வெர்ட்டர் கரண்ட் அதைத் தாண்டி வெளியே பிறப்பதால், கசிவு ஏற்பட்டாலும் அதற்குத் தெரியாமல் போகலாம்.

இன்வெர்ட்டரின் முன்பக்கப் பொத்தானை மட்டும் அணைத்தாலும் போதாது. பல மாடல்களில் அது பேட்டரி வழியை மட்டுமே நிறுத்தும், இ.பி. கரண்ட் இருக்கும்போது அது நேராக வெளியே போய்க்கொண்டுதான் இருக்கும். ஆகவே மெயின், இன்வெர்ட்டர் இரண்டையும் அணைத்து, இன்வெர்ட்டரிலிருந்து வீட்டுக்குப் போகும் இணைப்பையும் கழற்றினார்கள்.

"இப்ப தொடலாமாண்ணே?"

"டெஸ்டர் வேலை செய்யுதான்னு யாரு பாக்கறது?"

பையன் எதிர்வீட்டுத் திண்ணைப் பிளக்கில் டெஸ்டரைச் செருகிப் பார்த்தான், எரிந்தது. திரும்பி வந்து கறுப்பு ஒயரில் வைத்தான், எரியவில்லை. மறுபடி எதிர்வீட்டுக்கு ஓடினான், எரிந்தது. நடுவில் நியான் செத்துப்போயிருந்தால் கரண்ட் உள்ள ஒயரும் செத்ததாகத்தான் தெரியும்; அதற்காகத்தான் இந்த இரண்டாவது ஓட்டம்.

முதல் வேலையாக அந்த ஒயரின் இரு முனையிலும் சிவப்பு டேப் சுற்றினார்கள். போர்டை மாட்டி முடிக்க மதியம் ஆகிவிட்டது.