எஞ்சின் வரைந்த மூடிய கோடு

கொதிநீராவி எஞ்சினின் உருளைக்குள்ளே நிகழ்வதைக் கண்ணாற் காண்டல் இயலாது. தடித்த இரும்புச் சுவரின் உள்ளே முசலம் முன்னும் பின்னும் ஓடுகின்றது. வெளியே நிற்பவனுக்குத் தெரிவது சுழலுஞ் சில்லு ஒன்றே. உள்ளே நிகழ்வதை அவ்வெஞ்சினைக் கொண்டே எழுதுவிக்கும் உபாயத்தை, ஜேம்ஸ் வாற் என்பாரின் உதவியாளராகிய ஜோன் சதேண் 1796 ஆம் ஆண்டிற் கண்டார். அமுக்கங் காட்டும் கருவியொன்று வாற்றிடம் முன்னரே இருந்தது. சதேண் அதனோடு ஒரு பென்சிலையும் நகரும் பலகையையும் சேர்த்தார். அவர்களுடைய தொழிலகம் இதனைப் பல்லாண்டுகள் இரகசியமாகவே வைத்திருந்தது. இரகசியமாகக் காக்கத் தக்க பொருள் அதில் யாது இருந்தது என்பதையே ஈண்டு நோக்குவோம்.

கருவி எளியது. எஞ்சினின் உருளையோடு ஒரு சிற்றுருளை குழாயால் இணைக்கப்பட்டிருக்கும். அதனுள் இருக்கும் சிறு முசலத்தை ஒரு சுருள்வில் அழுத்திக்கொண்டிருக்கும். நீராவியின் அமுக்கம் ஏறினால் வில் ஒடுங்கிப் பென்சில் மேலே செல்லும். இறங்கினால் பென்சில் கீழே வரும். தாளோ ஒரு கயிற்றினால் எஞ்சினின் முசலத்தோடு தொடுக்கப்பட்டு, அதன் ஓட்டத்தைச் சிறிய அளவிற் பின்பற்றிப் பக்கவாட்டில் நகரும். ஆகவே தாளின் உயரம் அமுக்கத்தையும், அகலம் முசலம் விட்டுச்சென்ற கனவளவையும் காட்டும். முசலம் சென்று மீளும்போது பென்சிலும் புறப்பட்ட இடத்திற்கே மீளும். மூடிய கோடு ஒன்று கிடைக்கும்.

அக்கோட்டினுள் அடங்கிய பரப்பு வேலையாவது எங்ஙனம்? அமுக்கம் என்பது ஒரு சதுர மீற்றரில் தாக்கும் விசை. அதனை முசலமுகத்தின் பரப்பாற் பெருக்கினால் முழு விசை வரும். கனவளவின் மாற்றம் என்பது அதே முகப்பரப்பை முசலம் ஓடிய தூரத்தாற் பெருக்கியது. எனவே அமுக்கத்தைக் கனவளவின் மாற்றத்தாற் பெருக்கினால், விசையைத் தூரத்தாற் பெருக்கியதே வரும், அதுவே வேலை. கிலோபசுக்காலைக் கனமீற்றராற் பெருக்கினால் கிலோயூல் கிடைக்கும்.

ஓர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். முசலமுகம் 0.1 சதுர மீற்றர். அடிப்பின் நீளம் 0.6 மீற்றர், ஆகவே ஓர் அடிப்பில் முசலம் விட்டுச்செல்லுங் கனவளவு 0.06 கனமீற்றர். உருளையின் கோடியில் எஞ்சும் சிற்றிடத்தை எளிமை கருதி விட்டுவிடுகிறேன். அமுக்கங்களை வெற்றிடத்திலிருந்து எண்ணுவோம். நீராவி 600 கிலோபசுக்கால் அமுக்கத்தோடு புகுகின்றது. அடிப்பில் மூன்றிலொரு பங்கு, அஃதாவது 0.02 கனமீற்றர், ஆனதும் வால்வு மூடிவிடுகிறது. இதுவரை பென்சில் வரைந்தது ஒரு கிடைக்கோடு. அதன் கீழுள்ள செவ்வகம் 600 இன் 0.02 மடங்கு, அஃதாவது 12 கிலோயூல்.

இனிப் புது நீராவி இல்லை. அகப்பட்ட நீராவியே விரிந்து முசலத்தைத் தள்ளுகிறது. கனவளவு இரட்டிக்க அமுக்கம் ஏறத்தாழப் பாதியாகும். 0.03 இல் 400, 0.04 இல் 300, ஈற்றில் 0.06 இல் 200 என வளைகோடு சரிந்து செல்லும். அதன் கீழுள்ள பரப்பைக் கணித்தால் ஏறக்குறைய 13.2 கிலோயூல். முன்னையதோடு கூட்ட 25.2 ஆகும்.

இங்கே நின்றுவிடுதல் மாணவர் பலரிடத்துங் காணப்படும் வழு. முசலம் திரும்ப வேண்டுமன்றோ? திரும்பும்போது அது பழைய நீராவியை வெளியே தள்ளுகிறது. அந்நீராவி 120 கிலோபசுக்காலில் எதிர்த்து நிற்கிறது. கீழ்க்கோட்டின் அடியிலுள்ள பரப்பு 120 இன் 0.06 மடங்கு, அஃதாவது 7.2 கிலோயூல். இது முசலம் நீராவிக்குத் திருப்பிக் கொடுத்த வேலை. 25.2 இல் இதனைக் கழித்தால் 18 கிலோயூல் மிஞ்சும். மேற்கோட்டின் அடிப்பரப்பில் கீழ்க்கோட்டின் அடிப்பரப்பைக் கழித்தால் எஞ்சுவது மூடிய கோட்டின் உட்பரப்பே. வரவும் செலவும் கழிந்த மிச்சத்தைத் தாள் தானே காட்டிவிடுகிறது.

தாளில் 1 மில்லிமீற்றர் அகலம் 0.001 கனமீற்றரையும், 1 மில்லிமீற்றர் உயரம் 20 கிலோபசுக்காலையும் குறித்தால், ஒரு சதுர மில்லிமீற்றர் 20 யூலுக்குச் சமம். நமது படம் 60 மில்லிமீற்றர் அகலமும் 900 சதுர மில்லிமீற்றர் பரப்பும் உடையதாகும். பரப்பை அளக்கப் படத்தைப் பத்து நிரல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடு உயரத்தையும் அளந்து சராசரி காண்பது வழக்கம். கோட்டின்மேல் ஓட்டியதும் பரப்பைச் சொல்லும் கருவியைச் சுவிற்சர்லாந்தினரான யாக்கொப் அம்சிலர் 1854 இல் அமைத்தார். நிமிடத்திற்கு நூறு சுற்றுச் சுழன்றால், உருளையின் இப்பக்கம் மட்டும் 30 கிலோவாற்று, அஃதாவது நாற்பது பரிவலு தரும்.

வால்வை ஏன் அத்துணை முந்தி மூட வேண்டும்? அடிப்பு முழுவதும் நீராவியை விட்டால் படம் பெரிய செவ்வகமாகும். 36 இல் 7.2 போக 28.8 கிலோயூல் கிடைக்கும். ஆனால் நீராவி மும்மடங்கு செலவாகும். மூன்றிலொரு பங்கு நீராவியில் 18 உம், முழுப் பங்கில் 28.8 உம் எனில், கரிச் செலவைப் பார்ப்பவன் எதனைத் தெரிவான் என்பது வெளிப்படை. அவ்வாறாயின் பத்திலொரு பங்கிலேயே மூடிவிடலாமே எனின், அங்கே படம் எச்சரிக்கும். விரியும் நீராவி அடிப்பின் பாதியிலேயே 120 ஆகி, ஈற்றில் 60 ஆகத் தாழ்ந்துவிடும். மேற்கோடு கீழ்க்கோட்டை வெட்டிக் கீழே சென்று, வலக்கோடியில் வால்போன்ற சிறு வளையம் தோன்றும். இவ்வளையத்தைப் பென்சில் எதிர்த்திசையிற் சுற்றுகிறது. ஆதலால் இதன் பரப்பைக் கழிக்க வேண்டும். கடிகார முள் செல்லுந் திசையிற் சுற்றிய வளையம் எஞ்சின் தந்த வேலை; மாறாகச் சுற்றியது எஞ்சின் இழந்த வேலை. காற்றை அமுக்கும் பொறியின் படம் முழுவதுமே மாறாகச் சுற்றும்.

படத்தின் உருவமும் பேசும். பரப்புச் சொல்லாததை அது சொல்லும் என்பதால், அதனையே நான் பெரிதென மதிப்பேன். இடப்பக்க விளிம்பு நிமிர்ந்து நில்லாது உட்பக்கம் சாய்ந்திருந்தால், நீராவி வால்வு பிந்தித் திறக்கிறது. மேற்கோடு மட்டமாயிராது இறங்கிச் சென்றால், வழி ஒடுக்கமாகி நீராவி தாராளமாகப் புகவில்லை. வளைகோடு ஈற்றில் இருக்கவேண்டிய உயரத்திற்கு மேலே நின்றால், மூடிய வால்வு கசிகிறதோ என்று ஐயுறலாம். நமது எஞ்சினில் வெளியேற்றுவழி அடைபட்டுக் கீழ்க்கோடு 120 இலிருந்து 180 இற்கு ஏறியதெனக் கொள்வோம். மேற்கோட்டில் மாற்றமில்லை, செலவாகும் நீராவியும் அவ்வளவே. ஆயினும் 60 இன் 0.06 மடங்காகிய 3.6 கிலோயூல், ஐந்திலொரு பங்கு, இழக்கப்படுகிறது.

கருவியும் பொய் சொல்லக்கூடும். கயிறு நீண்டுகொடுத்தால் அகலம் பிழைக்கும். இணைப்புக் குழாய் நீண்டு ஒடுங்கியிருந்தால் அமுக்கம் பிந்தி வந்து சேரும். எஞ்சின் விரைந்தோடினால் வில் தானே அதிர்ந்து கோட்டில் அலைகளை எழுப்பும். அவ்வலைகளை நீராவியின் செய்கையெனக் கொள்ளலாகாது. மெய்யான படத்தின் மூலைகள் மழுங்கியே இருக்குமாதலால், கணித்த 18 முழுவதும் தாளில் வராது.

இன்னொன்று. பரப்புக் காட்டுவது முசலத்தின்மேல் நீராவி செய்த வேலையை மாத்திரமே. தாள் 30 கிலோவாற்றுக் காட்ட, சுழலச்சிலே தடை பூட்டி அளந்தபோது 25 தான் வந்ததென்றால், எஞ்சிய 5 எங்கே போயிற்று என்பதற்கு அத்தாளில் விடை இல்லை. எண்ணெய்க் குடுவையோடு போய், எந்தப் போதிகை சுடுகிறது என்று பார்க்க வேண்டும்.