இடது வளைவுக்கு வலப்பக்கம் திரும்பும் சக்கரம்

அமெரிக்கப் பந்தயப் பயிற்சியாளர் கீத் கோட் ஒரு பைக்கில் கூடுதலாக இன்னொரு ஹேண்டில்பாரைப் பொருத்தினார். அது சட்டத்தோடு இறுகியிருக்கும், திரும்பாது. அதைப் பிடித்துக்கொண்டு உடலை எவ்வளவு சாய்த்தாலும் பைக் லேசாக விலகுமே தவிர, வளைவில் ஒழுங்காகத் திரும்பாது.

வேகத்தில் பைக்கைத் திருப்புவது கைகள்தான், அதுவும் எதிர்த்திசையில். இடது வளைவுக்கு இடது கைப்பிடியை முன்னோக்கித் தள்ள வேண்டும். முன்சக்கரம் கணநேரம் வலப்பக்கம் திரும்பும். டயர் வலப்பக்கம் விலக, பைக் இடப்பக்கம் சாயும். சுழலும் சக்கரத்தின் கைரோஸ்கோப் விளைவும் அதே பக்கம் சாய்க்கிறது. ஆனால் அது துணைதான். பெரும்பங்கு டயர் விலகுவதற்கே. சாய்ந்தபின் சக்கரம் தானே இடப்பக்கம் திரும்பிக்கொள்ளும்.

மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் 70 மீட்டர் ஆரமுள்ள வளைவை எடுக்க ஏறத்தாழ 30 டிகிரி சாய்வு வேண்டும். அந்தச் சாய்வைத் தருவது இந்தத் தள்ளல்தான்.

பலரும் இதை அறியாமலே செய்கிறார்கள். ஆபத்து பதற்றத்தில் வருகிறது. வளைவு இறுகும்போது பயந்து ஹேண்டிலை வளைவின் பக்கமே திருப்பினால், பைக் நிமிர்ந்து சாலைக்கு வெளியே ஓடும். அப்போது உட்பக்கக் கைப்பிடியை இன்னும் சற்றுத் தள்ள வேண்டும்.