பட்டான், பாடினான்: காலம் காட்டும் எழுத்துகள்

படு என்ற வினை இறந்தகாலத்தில் பட்டான் ஆகிறது. முதலெழுத்தை நீட்டிப் பாடு என்றாலோ பாட்டான் என்று வருவதில்லை, பாடினான் என்கிறோம். சுடு சுட்டான் ஆகும், சூடு சூடினான் ஆகும். நடு நட்டான், நாடு நாடினான். ‘இறந்தகாலத்தில் எழுதுக’ என்று பயிற்சித்தாளில் கேட்டால் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் காதில் விழுந்த பழக்கத்திலேயே எழுதிவிடுவார்கள். பக்கத்தில் ‘காரணம்’ என்று இன்னொரு கட்டம் போட வேண்டும் என்பது என் கட்சி. இலக்கணம் தொடங்குவதே அந்தக் கட்டத்தில்தான்.

இறந்தகால இடைநிலைகள் த், ட், ற், இன் என நான்கு என்று 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்தார். நான்கையும் மனப்பாடம் செய்யச் சொல்வதற்கு முன், பிள்ளைகளை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கச் சொல்லலாம். செய் என்பதோடு த் சேர்ந்தால் செய்தான், சிக்கல் இல்லை. உண் என்று சொல்லி நிறுத்தும்போது நாக்கின் நுனி மேலண்ணத்தை நோக்கி வளைந்து நிற்கிறது. அங்கிருந்து பல்லுக்கு இறங்கி வந்து த் சொல்வதைவிட, நின்ற இடத்திலேயே ட் சொல்வது எளிது. உண்டான் பிறக்கிறது. தின் என்பதில் நுனி சற்று முன்னால் நிற்கிறது. அங்கே எழும் வல்லெழுத்து ற், ஆகவே தின்றான். ட், ற் இரண்டும் இடத்துக்கேற்ப மாறிய த் என்று புரிந்துவிட்டால் பட்டியல் பாதியாகக் குறைந்துவிடும்.

பாடு, சூடு, எழுது, வணங்கு ஆகியவற்றின் கடைசி உகரம் குற்றியலுகரம். அரை மாத்திரைதான் ஒலிக்கும். உயிரெழுத்து வந்தால் அது விலகி வழிவிடுகிறது. எனவே பாடு + இன் + ஆன், பாடினான். படு, சுடு, பெறு போன்றவை இரண்டு குறில்களால் ஆனவை. இவற்றின் உகரம் முழுதாக ஒலிப்பது. இங்கே இடைநிலை வருவதில்லை. பகுதியின் வல்லெழுத்தே இரட்டித்து, படு ‘பட்டு’ என்றாகிக் காலத்தைக் காட்டுகிறது. இந்த வினைகளுக்கு இடைநிலைக் கட்டத்தை வெறுமையாக விடுவதுதான் சரியான விடை. சாப்பிடு, புறப்படு என்று நீளமான சொற்களும் இவற்றோடு சேரும். உள்ளே இருப்பவை இடு, படு என்று கண்டுகொண்டால் சாப்பிட்டான், புறப்பட்டான் ஏன் என்பது தானே விளங்கும். போடு மட்டும் முரண்டு பிடிக்கிறது. நெடில் இருந்தும் அது போட்டான் ஆகிறது. அதை விதிவிலக்கு என்று வெளிப்படையாகச் சொல்லிவிடலாம்.

எடு, கொடு, தடு ஆகியவற்றுக்கும் இரண்டு குறில்தானே, எட்டான் என்று ஏன் வரவில்லை? நல்ல மாணவர் இதைக் கேட்காமல் விடமாட்டார். விடை நிகழ்காலத்தில் இருக்கிறது. சுடுகிறான் என்கிறோம், எடுக்கிறான் என்கிறோம். எடு என்பதற்குப் பின் ஒரு க் கூடுதலாக வந்து நிற்கிறது. அப்படி வல்லெழுத்து மிகும் வினை இறந்தகாலத்தில் பெரும்பாலும் எடுத்தான் என்று தகரத்தை இரட்டிக்கும். எதிர்காலத்தில் எடுப்பான் என்று பகரத்தை இரட்டிக்கும். மிகாத வினை வகரத்தை எடுக்கும்: சுடுவான், பாடுவான், செய்வான். அதனால் பயிற்சித்தாளில் நிகழ்காலத்தை முதல் கட்டமாக வைப்பது நல்லது. அதை எழுதியதுமே எதிர்காலம் ப் வழியா, வ் வழியா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். உண், தின், காண் மூன்றும் உண்கிறான் என்பதுபோல் க் மிகாமல் வந்தாலும் உண்பான், தின்பான், காண்பான் என்றே ஆகும். ண், ன் என்ற மெல்லெழுத்துகளை அடுத்து வகரத்தைவிடப் பகரம் இயல்பாக ஒட்டுகிறது.

பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது அஃறிணையில். ‘பறவைகள் பறக்கிறது’ என்ற வரி விடைத்தாள்களில் அடிக்கடி தென்படும். எழுவாய் பன்மை, வினை ஒருமை. திருத்தப் போகிற பிள்ளை ‘பறக்கிறன’ என்று எழுதிவிட்டு, ஏதோ இடிக்கிறதே என்று நிற்கும். கிறு என்ற இடைநிலை ‘அன’ விகுதியோடு சேர்வதில்லை. அங்கே கின்று தேவை. பறக்கின்றன. எதிர்காலத்துக்கு வந்தால் இன்னொரு வேறுபாடு. பறவை ஒன்றானாலும் பலவானாலும் பறக்கும் என்பதே வடிவம். அதில் ப் இல்லை, வ் இல்லை. உம் என்ற விகுதியே காலத்தையும் சேர்த்துக் காட்டுகிறது. இங்கேயும் இடைநிலைக் கட்டம் வெறுமைதான். காரணக் கட்டத்தில் ‘விகுதி காலம் காட்டியது’ என்று எழுதும் பிள்ளைக்கு முழு மதிப்பெண் போடலாம்.