டிரம்மின் சுவரில் ஒட்டியிருக்கும் முட்டைகள்

வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாதங்களில் தமிழ்நாட்டு வீடுகளுக்கு டெங்குவைக் கொண்டுவரும் முக்கியக் கொசு ஏடிஸ் ஈஜிப்தி. கரிய உடலிலும் கால்களிலும் வெள்ளைப் பட்டைகள் கொண்ட இது பகலில்தான் அதிகம் கடிக்கும். கியூலெக்ஸ் கொசு சாக்கடை நீரில் பெருகும். ஏடிஸோ வீட்டிலும் வாசலிலும் கொல்லையிலும் தேங்கும் ஓரளவு தெளிந்த நீரை நாடும். பிறந்த இடத்தை விட்டு அது வெகுதூரம் பறப்பதில்லை. ஆகவே ஒரு வீட்டில் கடிக்கும் கொசு பெரும்பாலும் அந்த வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ பிறந்ததாகவே இருக்கும்.

இந்தக் கொசு தண்ணீரின் நடுவில் முட்டையிடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமாக இருக்கும் பாத்திரச் சுவரில் முட்டைகளை ஒட்டிவைக்கிறது. அவை கண்ணுக்கு எளிதில் தென்படாத சிறு கரும்புள்ளிகள். தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். மழையிலோ குழாய்த் தண்ணீரிலோ மட்டம் உயர்ந்து முட்டைகள் மூழ்கியதும் புழுக்கள் வெளிவரும். புழு நான்கு பருவங்களைக் கடந்து கூட்டுப்புழுவாகி, அடுத்த இரண்டு நாளில் கொசுவாகப் பறக்கும். வெதுவெதுப்பான பருவத்தில் முட்டை பொரிந்ததிலிருந்து இதற்கு ஏழு முதல் பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை என்ற கணக்கு இதிலிருந்து வந்ததே.

குழாய்த் தண்ணீரைச் சேமிக்கும் 200 லிட்டர் டிரம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். தண்ணீர் பாதிக்கு இறங்கும்போது கொசு அந்த மட்டத்துக்கு மேலே முட்டையிடுகிறது. மறுபடி நிரப்பும்போது முட்டைகள் மூழ்கிப் பொரிகின்றன. திங்கட்கிழமை பொரிந்தவை ஞாயிற்றுக்கிழமைக்குள் கூட்டுப்புழுவாகிவிடும். நெளியும் புழுக்களைப் பார்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு உடனே நிரப்பினால் புழுக்கள் மட்டுமே போகும். சுவரில் ஒட்டிய முட்டைகள் அடுத்த நீரில் பொரியும். எனவே உட்சுவரைப் பிரஷ்ஷால், குறிப்பாக விளிம்பிலிருந்து நீர்க்கோடு வரை, அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள வீட்டில் நீரை வீணாக்கத் தேவையில்லை. மெல்லிய துணியால் வடிகட்டி வேறு பாத்திரத்தில் எடுத்து வைத்துவிட்டு, டிரம்மைத் தேய்த்துக் கழுவிய பின் அதே நீரை ஊற்றலாம். துணியில் தங்கிய புழுக்களைக் காய்ந்த மண்ணில் உதறினால் அவை இறந்துவிடும்.

புழு இருக்கிறதா என்று பார்க்க டார்ச் போதும். பாத்திரத்தை லேசாகத் தட்டினால் புழுக்கள் நெளிந்து அடியில் போய்விடும். மூச்சு விட மேலே வந்தாக வேண்டும் என்பதால் சில நிமிடம் காத்திருந்து பார்க்க வேண்டும். காற்புள்ளி வடிவில் வளைந்து மிதப்பது கூட்டுப்புழு. அது தென்பட்டால் கொசு பறக்க ஓரிரு நாளே இருக்கிறது; கழுவுவதை அன்றே செய்துவிட வேண்டும்.

வாராந்திர வேலைக்கு ஞாயிறு காலை ஏறக்குறைய அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும். மாடியிலிருந்து தொடங்கிக் கீழே வருவது நல்லது. மேல்நிலைத் தொட்டியின் மூடியில் இடைவெளி இருக்கக்கூடாது. வழிந்தோடும் குழாயின் வாயில் கொசுவலை கட்டியிருக்க வேண்டும். மொட்டைமாடியிலும் சன்ஷேடிலும் இலைதழை அடைத்து நீர் நின்றால் அள்ளிவிட வேண்டும். வீட்டுக்குள் ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டு, பூந்தொட்டியின் அடித்தட்டு, மணிபிளான்ட் பாட்டில் ஆகியவற்றைக் காலிசெய்து தேய்க்க வேண்டும். மழைக்குத் தொடர்பில்லாமல் ஆண்டு முழுவதும் நீர் சேரும் ஃபிரிட்ஜ் தட்டே பலர் மறந்துபோகும் இடம். அடுத்து டிரம், சிமெண்ட் தொட்டி, ஆடுமாடுகளின் தண்ணீர்த் தொட்டி. கடைசியாகக் கொல்லைப்புறம். அங்கே கிடக்கும் டயர், கொட்டாங்குச்சி, உடைந்த வாளி போன்றவற்றைக் கழுவுவதைவிட அகற்றுவதே சரி. பயன்படாத ஆட்டுக்கல்லின் குழியை மணலால் நிரப்பிவிடலாம்.

கழுவிய டிரம்மை இறுக்கமான மூடியால் மூட வேண்டும். துணி கட்டுவதானால் விறைப்பாகக் கட்ட வேண்டும்; தொய்ந்து நீரில் நனைந்த துணி கொசுவுக்கு இன்னொரு முட்டையிடும் இடமாகிவிடும்.

சுகாதாரப் பணியாளர்கள் தண்ணீரில் ஊற்றும் அபேட் மருந்து புழுக்களைக் கொல்லும். ஆனால் சுவரிலுள்ள முட்டைகளையோ இரை எடுக்காத கூட்டுப்புழுக்களையோ அழிப்பதற்கு அதை நம்ப முடியாது. நீரை எடுத்து எடுத்து நிரப்பும்போது மருந்தின் வீரியமும் குறையும். புகை அடிப்பது அந்த நேரத்தில் பறக்கும் கொசுக்களுக்கு மட்டுமே. மருந்து ஊற்றிய வீட்டிலும், புகை அடித்த தெருவிலும், வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவும் வேலையை மழைக்காலம் முடியும்வரை விடாமல் தொடர வேண்டும்.